ஆறு மடங்கு என்றால் எது ஆறு மடங்கு? லாஜிஸ்டிக் ரெக்ரஷனில் ஆட்ஸ் ரேஷியோவைப் படிக்கும் முறை

பாப்பாரப்பட்டியிலிருந்து பஸ் பிடித்து தருமபுரிக்கு வந்து புள்ளியியல் படிக்கும் மாணவி ஒருத்தி, நான் கொடுத்த பயிற்சிக் கணக்கைச் செய்து முடித்துத் தாளை நீட்டினாள். கணக்கு முழுவதும் சரி. கடைசி வரி மட்டும் தவறு: "ஆழ்துளைக் கிணற்று நீர் குடித்த குழந்தைகளுக்குப் பல்லில் கறை படியும் வாய்ப்பு 6 மடங்கு அதிகம்."

அந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டுக் கொடுத்தேன். "சார், கம்ப்யூட்டரும் 6 என்றுதானே காட்டுகிறது?" என்றாள். 6 என்பது சரிதான் அம்மா, எது 6 மடங்கு என்பதில்தான் பிழை என்றேன். நேர்கோட்டு ரெக்ரஷன் மட்டும் படித்துவிட்டு லாஜிஸ்டிக் ரெக்ரஷனுக்குள் வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அவளுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கும் எழுதுகிறேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரிந்த கதை. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதற்கு மேற்பட்ட நீரைச் சிறு வயதில் தொடர்ந்து குடித்தால் நிலைப்பற்களின் எனாமலில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் படியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் தணிப்பும் சேர்ந்திருக்கிறது. ஆகவே பயிற்சிக் கணக்கையும் இதைச் சுற்றியே அமைத்தேன். கீழே வரும் எண்கள் எந்தக் கணக்கெடுப்பிலிருந்தும் எடுத்தவை அல்ல. கையாலேயே வகுத்துப் பார்க்க வசதியாக நானே வைத்துக்கொண்டவை.

| குடித்த நீர் | கறை உள்ளவர் | கறை இல்லாதவர் | மொத்தம் |
|---|---|---|---|
| ஆழ்துளைக் கிணறு | 60 | 40 | 100 |
| ஒகேனக்கல் நீர் | 20 | 80 | 100 |

முதலில் கம்ப்யூட்டரைத் தொடாமல்

நிகழ்தகவு என்ன என்று கேட்டால் உடனே சொல்லிவிடலாம். கிணற்று நீர்க் குழந்தைகளில் 100-க்கு 60, அதாவது 0.60. ஒகேனக்கல் நீர்க் குழந்தைகளில் 0.20. இரண்டையும் வகுத்தால் 3. ஆக, கறை படியும் வாய்ப்பு 3 மடங்குதான்.

பிறகு 6 எங்கிருந்து வந்தது? ஆட்ஸ் என்பது வேறு வகையான எண். நிகழ்தகவில், கறை உள்ளவர்களை மொத்தப் பேரால் வகுக்கிறோம். ஆட்ஸில் அவர்களைக் கறை இல்லாதவர்களால் வகுக்கிறோம். பந்தயம் கட்டுகிறவர் "ஒன்றுக்கு நாலு" என்று சொல்வது இந்தக் கணக்குதான்: ஒரு பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் நாலு. ஒகேனக்கல் நீர்க் குழந்தைகளைப் பாருங்கள். 20 பேருக்கு எதிராக 80 பேர், அதாவது ஒன்றுக்கு நாலு. ஆட்ஸ் 20 ÷ 80 = 0.25. கிணற்று நீர்க் குழந்தைகளில் 60 ÷ 40 = 1.5. இந்த இரண்டு ஆட்ஸையும் ஒன்றால் ஒன்றை வகுத்தால் 1.5 ÷ 0.25 = 6. இதுதான் ஆட்ஸ் ரேஷியோ.

ஆக, அதே அட்டவணையிலிருந்து 3-உம் வருகிறது, 6-உம் வருகிறது. இரண்டும் உண்மை. மாணவி எழுதிய வாக்கியத்தில் "வாய்ப்பு" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 6-ஐ வைத்ததுதான் பிழை.

கறை அரிதாக இருந்தால் இந்தக் குழப்பம் அவ்வளவாகத் தெரியாது. ஒரு பக்கம் 100-க்கு 6, மறுபக்கம் 100-க்கு 2 என்று வைத்துப் பாருங்கள். வாய்ப்பு 3 மடங்கு. ஆட்ஸ் ரேஷியோ 3.13. கிட்டத்தட்ட ஒன்றுதான். அரிய நோய்களைப் பற்றிய கட்டுரைகளை மட்டும் படித்துவிட்டு வந்தவர்கள் ஆட்ஸ் ரேஷியோவை "மடங்கு வாய்ப்பு" என்றே படித்துப் பழகிவிடுவது இதனால்தான். பாதிப் பேருக்கு மேல் கறை உள்ள இடத்தில் அந்தப் பழக்கம் காலை வாரிவிடும்.

நேர்கோடு எங்கே முறிகிறது

உங்களுக்குத் தெரிந்த நேர்கோட்டு ரெக்ரஷனை, பாடநூல் "தொடர்புப் போக்கு" என்று சொல்வதை, ஒரு நிமிடம் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். `y = a + b·x`. x ஒரு அலகு கூடினால் y-யோடு b கூடுகிறது. எல்லாம் கூட்டல். மாமரத்தின் வயதிலிருந்து காய்ப்பைக் கணிக்க இது போதும்.

இப்போது y-யின் இடத்தில் கறை உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0 என்று வைத்து, x-இன் இடத்தில் நீரிலுள்ள ஃப்ளூரைடு அளவை வைப்போம். கோடு `0.1 + 0.25·x` என்று வந்ததாக வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 4 மில்லிகிராம் உள்ள நீருக்கு அது 1.1 என்று கணிக்கும். நூற்றுக்கு நூற்றுப் பத்துக் குழந்தைகளுக்குக் கறை! நிகழ்தகவு 0-க்கும் 1-க்கும் இடையில் அடைபட்டது. கோட்டுக்கு அந்த வேலி தெரியாது.

ஆட்ஸுக்கு மேல் வேலி கிடையாது. எல்லோருக்கும் கறை என்ற நிலையை நெருங்க நெருங்க அது எவ்வளவு வேண்டுமானாலும் பெருகும். ஆனால் 0-க்குக் கீழே போகாது. அதற்கு இயல் மடக்கை எடுத்தால் கீழ் வேலியும் போய்விடுகிறது: 0.25-இன் மடக்கை −1.386, 1-இன் மடக்கை 0, 6-இன் மடக்கை 1.792. எதிர் எண்ணும் வரும், நேர் எண்ணும் வரும். இப்படி இரு பக்கமும் திறந்த எண்ணுக்கு நேர்கோட்டைத் தாராளமாகப் பொருத்தலாம். லாஜிஸ்டிக் ரெக்ரஷன் செய்வது அவ்வளவுதான்:

```
log(p / (1 - p)) = a + b·x
```

வலப்பக்கம் உங்களுக்குப் பழக்கமான அதே கோடு. இடப்பக்கம் மட்டும் y-க்குப் பதிலாக ஆட்ஸின் மடக்கை. மடக்கையில் கூட்டினால் மூல எண்ணில் பெருக்கியதாக அர்த்தம் என்பது பள்ளிப் பாடம். ஆகவே x ஒரு அலகு கூடும்போது மடக்கையோடு b கூடுகிறது. ஆட்ஸ் exp(b) என்ற எண்ணால் பெருகுகிறது. அந்தப் பெருக்கும் எண்ணே ஆட்ஸ் ரேஷியோ.

அட்டவணையை ஆர் மென்பொருளுக்குக் கொடுப்போம்

ஆர் மென்பொருளில் நமது அட்டவணையைக் கொடுக்க நான்கைந்து வரிகள் போதும். கிணற்று நீருக்கு 1, ஒகேனக்கல் நீருக்கு 0.

```r
d <- data.frame(neer  = c(1, 0),
                karai = c(60, 20),
                illai = c(40, 80))
m <- glm(cbind(karai, illai) ~ neer,
         family = binomial, data = d)
coef(m)
exp(coef(m))
exp(confint.default(m))
```

`coef(m)` வரி −1.386 என்றும் 1.792 என்றும் இரண்டு எண்களைத் தரும். இரண்டாவது எண்ணைக் கண்டதும் "கறை 1.79 கூடுகிறது" என்று எழுதக் கை துறுதுறுக்கும், நேர்கோட்டில் பழகிய கை. அப்படி எழுதக் கூடாது. அது மடக்கை உலகத்து எண், மனிதர்களிடம் அப்படியே சொல்ல முடியாதது. `exp` போட்டபின் 0.25 என்றும் 6.00 என்றும் மாறும். இரண்டும் நாம் தாளில் வகுத்து எடுத்த அதே எண்கள். `exp` போட்ட வெட்டுத்துண்டு என்பது x = 0 ஆக உள்ள குழுவின் ஆட்ஸ், அதாவது ஒகேனக்கல் நீர்க் குழந்தைகளின் "ஒன்றுக்கு நாலு". `exp` போட்ட கெழு, அந்த 0.25-ஐ எத்தனையால் பெருக்கினால் அடுத்த குழுவின் 1.5 வரும் என்பது.

ஒரே ஒரு இரண்டு நிலை மாறி இருக்கும்போது தாள் கணக்கும் கம்ப்யூட்டர் கணக்கும் புள்ளி பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். போகவில்லை என்றால் தரவை உள்ளிட்டதில் ஏதோ தவறு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் பத்துக் கணக்குகளையாவது இப்படி இரண்டு வழியிலும் செய்து பார்ப்பது நல்லது என்பது என் பிடிவாதமான கருத்து.

கடைசி வரி 95 சதவீத நம்பிக்கை இடைவெளி: சுமார் 3.19 முதல் 11.3 வரை. இதுவும் கையால் வரும். நான்கு கட்ட எண்களின் தலைகீழ்களைக் கூட்டி (1/60 + 1/40 + 1/20 + 1/80) வர்க்கமூலம் எடுத்தால் 0.323, இது மடக்கையின் திட்டப்பிழை. 1.792-இலிருந்து 1.96 மடங்கு திட்டப்பிழையைக் கழித்தும் கூட்டியும், கடைசியில் `exp` போட வேண்டும். கிடைக்கும் இடைவெளியில் 6 நடுவில் உட்காருவதில்லை, கீழே 2.8 தூரம், மேலே 5.3 தூரம். "சார், தப்பாகப் போட்டுவிட்டேனா?" என்று அவள் கேட்டாள். இல்லை. மடக்கையில் சமமாக இருந்தது பெருக்கல் உலகத்துக்கு வரும்போது ஒரு பக்கம் நீள்கிறது. நடுவில் சரியாக உட்கார்ந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இன்னொன்று: இடைவெளி 0-வைத் தாண்டுகிறதா என்று நேர்கோட்டில் பார்ப்போம், ஆட்ஸ் ரேஷியோவில் 1-ஐத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். 1-ஆல் பெருக்கினால் எதுவும் மாறாது அல்லவா?

3 இருக்கும்போது 6 எதற்கு?

இது நியாயமான கேள்வி. மக்களிடம் சொல்ல 3 மடங்குதான் எளிது. ஆனாலும் ஆட்ஸ் ரேஷியோவை விடாமல் வைத்திருக்க இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது சிறியது. ஏற்கெனவே 40 சதவீதம் பேருக்குக் கறை உள்ள ஓர் ஊரில் "3 மடங்கு" என்ற விதியைப் போட்டால் 120 சதவீதம் வரும். ஆட்ஸில் அந்தச் சிக்கல் இல்லை. 40 சதவீதம் என்றால் ஆட்ஸ் 0.667, 6-ஆல் பெருக்கினால் 4, அதாவது நான்குக்கு ஒன்று, 80 சதவீதம். எங்கே தொடங்கினாலும் வேலிக்குள்ளேயே நிற்கும்.

இரண்டாவது காரணம் அழகானது. ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளைத் தேடாமல், பல் பரிசோதனை முகாமுக்கு வந்தவர்களில் கறை உள்ள எல்லோரையும் எடுத்துக்கொண்டு, கறை இல்லாதவர்களில் பாதிப் பேரை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்று வையுங்கள். கறை உள்ளவர்கள் 60, 20 அப்படியே இருக்கும். கறை இல்லாதவர்கள் 40, 80 என்பது 20, 40 ஆகிவிடும். இப்போது வாய்ப்பைக் கணக்கிட்டால் கிணற்று நீரில் 60/80, அதாவது 75 சதவீதம், ஒகேனக்கல் நீரில் 20/60, அதாவது 33 சதவீதம், மடங்கு 2.25. நாம் ஆட்களை எடுத்த விதம் மாறியதாலேயே 3 என்பது 2.25 ஆகிவிட்டது. ஆட்ஸ் ரேஷியோவைப் பாருங்கள்: (60 ÷ 20) ÷ (20 ÷ 40) = 3 ÷ 0.5 = 6. அசையவில்லை. நோய் உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்து ஆட்களை எடுக்கும் ஆய்வுகளில் ஆட்ஸ் ரேஷியோ ஏன் கைகொடுக்கிறது என்பதை ஜெரோம் கார்ன்ஃபீல்டு 1951-லேயே காட்டிவிட்டார். அத்தகைய ஆய்வில் 2.25-ஐ எழுதினால் அது ஊரைப் பற்றிய எண் அல்ல, நீங்கள் ஆள் எடுத்ததைப் பற்றிய எண்.

ஃப்ளூரைடு அளவையே x ஆக வைத்தால்

கிணறு, குழாய் என்று இரண்டாகப் பிரிக்காமல் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற அளவையே வைத்தால், கெழு 0.9 என்று வருவதாகக் கொள்வோம். exp(0.9) = 2.46. ஒரு மில்லிகிராம் கூடும்போதெல்லாம் ஆட்ஸ் 2.46 மடங்காகிறது.

இரண்டு மில்லிகிராம் கூடினால்? வகுப்பில் பாதிப் பேர் 4.92 என்பார்கள். கூட்டல் பழக்கம் போகவில்லை. 2.46 × 2.46, அதாவது 6.05 என்பதே விடை, கெழுவை இரட்டித்து exp(1.8) என்று போட்டாலும் அதுவே வரும்.

ஆட்ஸ் ஒவ்வொரு படியிலும் ஒரே எண்ணால் பெருகினாலும் வாய்ப்பு ஒரே அளவில் ஏறுவதில்லை. வெட்டுத்துண்டு −2.2 என்று வைத்துக் கணக்கிட்டால், 0.5 மில்லிகிராமில் கறைக்கான வாய்ப்பு 15 சதவீதம், 1.5-ல் 30, 2.5-ல் 51, 3.5-ல் 72, 4.5-ல் 86. நடுவில் ஏற்றம் 21 புள்ளி, முனைகளில் 14, 15 புள்ளி. ஆகவே "ஒரு மில்லிகிராம் கூடினால் வாய்ப்பு எத்தனை சதவீதம் கூடும்?" என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. எந்த அளவிலிருந்து என்று திருப்பிக் கேட்க வேண்டும். அறிக்கையில் ஆட்ஸ் ரேஷியோவோடு இந்த மாதிரி இரண்டு மூன்று வாய்ப்புகளையும் சேர்த்து எழுதச் சொல்வேன். `predict(m, type = "response")` என்ற கட்டளை அதைத் தந்துவிடும்.

அலகு விஷயத்தில் ஒரு ஏமாற்று உண்டு. இதே ஃப்ளூரைடை மைக்ரோகிராமில் உள்ளிட்டால் ஆட்ஸ் ரேஷியோ 1.0009 என்று வரும். "1-க்குப் பக்கத்தில் இருக்கிறதே, தாக்கமே இல்லை" என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஒரே ஒரு மைக்ரோகிராமுக்கான பெருக்கல். ஆயிரம் முறை பெருக்கினால் அதே 2.46.

கைதவறும் இடங்கள்

மாணவியின் முதல் முயற்சியில் 6-க்குப் பதில் 0.167 வந்திருந்தது. அவள் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வரியாகத் தரவை அடித்து, கறை நிரலில் aam, illai என்று எழுதி, அந்த நிரலை `factor` ஆக மாற்றியிருந்தாள். ஆர் அவற்றை அகரவரிசைப்படி அடுக்கி முதலில் வருவதை "நடக்கவில்லை" என்று எடுத்துக்கொள்ளும். aam முதலில் வந்ததால், கறை இல்லாமல் இருப்பதன் ஆட்ஸை அது கணித்துக்கொண்டிருந்தது. 0.167 என்பது 1/6. தலைகீழான ஆட்ஸ் ரேஷியோ எதிர்க்குறியோடு வராது, 1-க்குக் கீழே வரும்; அதனால் கண்ணில் படாமல் தப்பிவிடும். கெழுவில் மட்டும் குறி மாறி −1.792 என்றிருக்கும். `relevel` போட்டு illai-யை அடிப்படையாக வைத்ததும் சரியானது. முடிவு எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தால் கோட்பாட்டைச் சந்தேகிப்பதற்கு முன் அகரவரிசையைச் சந்தேகியுங்கள்.

இன்னோர் இடம், கட்டத்தில் சுழியம். ஒகேனக்கல் நீர்க் குழந்தைகளில் ஒருவருக்குக்கூடக் கறை இல்லை என்றால் அந்த ஆட்ஸ் 0. 0-ஆல் வகுக்க முடியாது. ஆனால் மென்பொருள் அடம்பிடிக்காமல் ஏதோ ஓர் எண்ணைத் தந்துவிடும். கெழு 20-ஐத் தாண்டியும் திட்டப்பிழை ஆயிரக்கணக்கிலும் இருந்தால் அதுதான் அடையாளம். `exp` போட்டு வரும் கோடிக்கணக்கான "மடங்கை" அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். டேவிட் ஃபர்த் 1993-ல் கொடுத்த திருத்த முறை இதற்கானது. ஆரில் `logistf` என்ற தொகுப்பில் கிடைக்கிறது.

எண் சரியாக வந்தபின்னும் மிஞ்சும் சிக்கல் ஒன்று, அது தரவு எடுத்த விதத்தில் இருக்கிறது. ஒரே ஊரின் 25 குழந்தைகள் ஒரே ஆழ்துளைக் கிணற்றில் குடிக்கிறார்கள். அவர்களை 25 தனித்தனிச் சாட்சிகளாக எண்ணினால் திட்டப்பிழை உண்மையைவிடச் சிறியதாக வரும், 3.19 முதல் 11.3 வரை என்ற இடைவெளி அகன்றிருக்க வேண்டியது. ஊரையும் ரெக்ரஷன் சமன்பாட்டில் சேர்க்க வேண்டும். `lme4` தொகுப்பின் `glmer` அதைச் செய்யும், ஆனால் அது அடுத்த பாடம்.

மாணவி வரியைத் திருத்தி எழுதினாள்: "கிணற்று நீர் குடித்த குழந்தைகளில் 60 சதவீதம் பேருக்கும் ஒகேனக்கல் நீர் குடித்தவர்களில் 20 சதவீதம் பேருக்கும் கறை இருந்தது, ஆட்ஸ் ரேஷியோ 6 (95 சதவீத இடைவெளி 3.19 முதல் 11.3 வரை)." தாளை வாங்கிப் பையில் வைத்தவள், அடுத்த மாதம் தன் ஊரிலேயே உண்மையான தரவு எடுக்கப்போவதாகச் சொல்லி, கேள்வித்தாளின் முதல் வரியைக் காட்டினாள்: "இப்போது எந்த நீர் குடிக்கிறீர்கள்?"

நிலைப்பற்களின் எனாமல் உருவாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள். அதற்குப் பிறகு ஒகேனக்கல் குழாய் வந்திருந்தால், இன்று நல்ல நீர் குடிக்கும் பிள்ளையின் பல்லில் பழைய கிணற்றின் கறைதான் இருக்கும்; அந்தப் பிள்ளை அட்டவணையின் தவறான வரியில் போய் உட்கார்ந்து ஆட்ஸ் ரேஷியோவை 1-ஐ நோக்கி இழுத்துவிடும். "இப்போது" என்பதை அடித்துவிட்டு "பிறந்ததிலிருந்து எட்டு வயது வரை" என்று எழுதிக்கொண்டு, ஐந்தரை மணி பஸ்ஸுக்கு ஓடினாள்.